நாளைக் காலை நேர்காணல் என்றால்

மாலை 6 மணிக்கு ஹெச்.ஆர். அழைக்கிறார்: “நாளைக் காலை 10 மணிக்கு நேர்காணல், ஆன்லைனில்தான்.” உங்களுக்கோ நாளை அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் நாள். பதறிப்போய் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “நேர்காணல் குழு நாளை மட்டும்தான் இருக்குமா, வேறு நாளும் இருக்குமா?” ஒரே நாளில் பலரையும் பார்த்து முடிக்கும் ஆள்சேர்ப்பு என்றால் மாற்று நேரம் கிடைப்பது அரிது; அப்போது விடுப்பு எடுப்பதே நல்லது. மற்றபடி, பெரும்பாலும் காலியாக இருந்த ஒரு நேரத்தைத்தான் உங்களுக்குத் தந்திருப்பார்கள்.

போனில் பேசினாலும், உடனே மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள்:

“அழைத்தமைக்கு நன்றி. இந்த வேலையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. நாளை காலை அலுவலகப் பணியை விட்டு வர இயலாத நிலை. நாளை மாலை 5.30-க்குப் பிறகோ, நாளை மறுநாள் காலை 9 முதல் 11 மணிக்குள்ளோ கலந்துகொள்ள முடியும்.”

காரணத்துக்கு ஒரு வரி போதும். நீட்டினால் சாக்குபோலத் தோன்றும். “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று பொதுவாகச் சொல்வதுதான் பெரிய தவறு. அதற்குள் வேறொருவர் தேர்வாகிவிடலாம். காலண்டர் அழைப்பு வந்திருந்தால், குறிப்பு எதுவும் எழுதாமல் வெறுமனே மறுக்காதீர்கள். விலகிவிட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். சொன்ன இரு நேரங்களையும் பதில் வரும்வரை காலியாக வைத்திருங்கள். மறுநாள் மதியம்வரை பதில் இல்லையென்றால் ஒருமுறை போன் செய்யலாம்.