விலைச் சீட்டு கேட்கும் கேள்வி

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கடைவீதியெங்கும் தள்ளுபடிப் பதாகைகள். இப்போது அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. படத்துடன் ஒரு சொல்லும் இராது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், அத்தகைய படங்கள் என்னிடமே வருகின்றன. கேள்வியை நாமே ஊகிக்க வேண்டும். எவ்வளவு மிச்சம்? தள்ளுபடி மெய்தானா? வேறு கடையில் இதைவிட மலிவா? பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கூலி வேலை செய்யும் என் அத்தை அனுப்பிய ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். சுடிதார் ஒன்றின் விலைச் சீட்டு அது. அச்சிட்ட விலை 1,200 ரூபாய்; மேலே ‘50% + 20%’ என்று சிவப்பு எழுத்து. இரண்டையும் கூட்டினால் 70% தள்ளுபடி, விலை 360 ரூபாய் என்று தோன்றும். கடைக்காரர் கணக்கு அதுவன்று. முதலில் பாதி போக 600. அந்த 600-இல்தான் 20% கழிகிறது. ஆக, செலுத்த வேண்டியது 480 ரூபாய். உண்மைத் தள்ளுபடி 60% மட்டுமே. 20 சதவீதத்தை முதலில் கழித்தாலும் விடை மாறாது. பணம் செலுத்துமிடத்தில் கூடுதலாகக் கேட்கப்படும் 120 ரூபாய், கூலி வாங்குபவருக்குச் சிறு தொகையன்று.

இக்கணக்கைப் படமே சொல்லிவிடும். தள்ளுபடி மெய்தானா என்பதைச் சொல்லாது. காரணம், 1,200 என்பது அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கலாகாது என்பதே அதன் பொருள். கடை நேற்றுவரை அந்த விலைக்கு விற்றது என்பதன்று. ஆயினும் ஓர் அடையாளம் படத்தில் தெரியலாம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, விலையைக் குறைக்க ஒட்டுச்சீட்டு ஒட்டலாம். ஆனால் அது பழைய விலையை மறைக்கக் கூடாது. பழைய விலையை மூடியபடி ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் ஐயப்பட இடமுண்டு. ‘50% வரை’ என்று எழுதிய பதாகையிலோ, எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பதே இல்லை. அதை வைத்துக் கணக்கிட முடியாது.

ஆகவே உறுதியான விடையை முதலில் அனுப்பினேன்: “அத்தை, 480 ரூபாய் கேட்பார்கள்.” பிறகு ஒரே கேள்வி: “இதே துணி நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் என்ன விலை?”

“550-க்குத் தருவான்” என்றார்.

சீட்டின்படி மிச்சம் 720 ரூபாய். அத்தையின் கையில் மிஞ்சுவது 70 ரூபாய். வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த 70-ஐ வைத்தே அவர் முடிவு செய்தார்.