எட்டு படம், எட்டு வரி: ஒரு தீபாவளி லுக்புக் எழுதிய கதை

கீழ்வேளூரில் என் சித்தி வீட்டிலிருந்தே கைத்தறிப் புடவை விற்கிறார். பெரிய கடையெல்லாம் இல்லை. ரயிலேறி மயிலாடுதுறை போய், கூறைநாட்டில் தெரிந்த நெசவாளர்களிடம் நாலைந்து புடவை எடுத்து வருவார், இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்பார். போன தீபாவளிக்கு முன்னால் போன் பண்ணினார். "படமெல்லாம் எடுத்துட்டேன்டா. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி வேணும். நீதான் ஏதோ எழுதுறியே, எழுதிக் குடு."

அவரே எழுதி வைத்திருந்த வரிகளையும் அனுப்பினார். முதல் படத்துக்கு "பாரம்பரியத்தின் பெருமை, பண்டிகையின் பொலிவு!" இரண்டாவதுக்கு "அசல் பட்டின் அழகு." ஆறாவதில் நெசவாளரின் வியர்வை வந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். இதில் எந்த வரியை எடுத்து காஞ்சிபுரம் புடவைக்கு வைத்தாலும் பொருந்தும். ஏன், குத்துவிளக்குக்கு வைத்தாலும் பொருந்தும். அழகு என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. படத்தால் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் அந்த ஒரு வரி.

"அசல் பட்டு" வரியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முந்தின வருஷம் அதே வார்த்தையைப் போட்டு ஒரு புடவை திரும்பி வந்திருக்கிறது. வாங்கிய பெண்ணின் மாமியார் முந்தானையில் தொங்கிய நூலைக் கொளுத்திப் பார்த்து "இது பட்டில்லையே" என்று சொல்லிவிட்டாராம். மாமியார் சொன்னது பாதி சரி. கூறைப் புடவை என்பதே பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்வது. அது குறையே இல்லை, அந்தப் புடவையின் அடையாளமே அதுதான். ஆனால் "அசல் பட்டு" என்று போட்டு அதை விற்றால் அது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளைத் தவறாக விவரிக்கும் விளம்பரம் தவறான விளம்பரக் கணக்கில் வரும். சித்திக்குச் சட்டத்தைவிட, அந்த வாடிக்கையாளர் அப்புறம் பேசவே இல்லை என்பதுதான் வருத்தம்.

அதனால் எழுதுவதற்கு முன்னால் நாங்களும் கொளுத்திப் பார்த்தோம். பாவிலிருந்து ஒரு நூல், ஊடையிலிருந்து ஒரு நூல். பட்டு எரிந்தால் தலைமுடி கருகிய வாடை வரும், மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். எங்கள் நூல் எதிலும் மணி திரளவில்லை, மற்ற இரண்டு வாடையும் வந்தது. சித்திக்கு நிம்மதி.

கடைசியில் போட்ட எட்டு வரிகள் இவை:

1. தீபாவளிக்கு ஐந்து கூறைநாட்டுப் புடவைகள்.
2. ஐந்திலும் பட்டும் பருத்தியும் கலந்த நெசவு.
3. காலை எட்டு மணி வெயிலில் அரக்கு.
4. ஒரு கட்டம், ஒரு விரல் அகலம்.
5. சரிகை தங்கம் இல்லை, டெஸ்டட் சரிகை.
6. இந்தப் புடவைக்குத் தறியில் ஆறு நாள்.
7. ரவிக்கைத் துணியோடு ஆறு மீட்டர் முப்பது.
8. ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று, விலை கீழே.

முதல் படத்தில் ஐந்து புடவையும் திண்ணையில் விரிந்து கிடக்கும். அடுத்த ஐந்து படங்களில் ஆளுக்கொரு புடவை.

நூல் பற்றிய வரியை இரண்டாவதில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் படத்தைப் பார்த்துத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை இன்னொரு தடவை காட்டும்போது இரண்டாவது படத்திலிருந்து காட்டுவதுண்டு. அப்படிப் பார்த்தால் இரண்டாவதும் ஒரு முகப்புதான். அதோடு, நம்ம ஊரில் யாரும் முழுப் பதிவையும் அனுப்புவதில்லை. பிடித்த ஒரு படத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அக்காவுக்குத் தள்ளுவார்கள். அதனால் எந்த வரியும் முந்தின வரியை நம்பி நிற்கக்கூடாது. முதலில் நாலாவதை "கட்டமும் அப்படித்தான்" என்று எழுதியிருந்தேன். தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, அடித்துவிட்டேன்.

மூன்றாவது வரி நிறத் தகராறுக்காக. அரக்குச் சிவப்பு டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் வேறாகத் தெரியும், போன் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் பளிச்சாக்கும். எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று சொல்லிவிட்டால், வாங்கியவர் அதே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவதுக்குத்தான் பெரிய சண்டை. "இல்லைன்னு எதுக்குடா நாமளே சொல்லணும்?" என்றார் சித்தி. டெஸ்டட் சரிகையில் உள்ளே செம்புக் கம்பி, மேலே வெள்ளி முலாம், அதற்கு மேல் பொன் நிறம். அசல் சரிகையில் கம்பியே வெள்ளி. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும், விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டெஸ்டட் சரிகை நாளாக நாளாகக் கறுக்கவும் செய்யும். இரண்டு வருஷம் கழித்து கறுத்த கரையோடு ஒருவர் போன் பண்ணும்போது, இந்த வரி நம்மிடம் இருக்க வேண்டும் என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

ஆறாவது படம் கோ-ஆப்டெக்ஸைப் பார்த்து வந்த யோசனை. சில வருஷம் முன்பு அவர்கள் பட்டுப் புடவையோடு நெய்தவரின் பெயர், படம் போட்ட அட்டை வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் நெசவாளரிடம் கேட்டோம். "படமெல்லாம் வேணாம்மா, எத்தனை நாள் ஆச்சுன்னு வேணா போட்டுக்குங்க" என்றார். அவரே எண்ணிச் சொன்னது ஆறு நாள். வியர்வையை எடுத்துவிட்டோம்.

ஒரு வரிக்கு ஆறு சொல்லுக்கு மேல் வைக்கவில்லை. 1080-க்கு 1350 பிக்சல் படத்தில், போனில் கண்ணைச் சுருக்காமல் படிக்கிற அளவுக்குத் தமிழ் எழுத்து வைத்தால் ஒரு வரிசைக்கு இரண்டு மூன்று சொல்தான் நிற்கும். நம் எழுத்து அகலம், சொல்லும் நீளம். ஆறு சொல் என்றாலே இரண்டு மூன்று வரிசை ஆகிவிடும், அதற்கு மேல் போனால் கரையை மறைக்கும். எழுத்தை ஓரத்திலும் வைக்கக்கூடாது, ப்ரொஃபைல் பக்கத்தில் சிறிதாகும்போது ஓரம் வெட்டுப்படும். இன்னொன்று, சித்தி பயன்படுத்திய ஆப்பில் ஒரு எழுத்துரு "கொ"வின் காலைத் தனியாகப் பிரித்துக் காட்டியது, "கீ"யின் மேல் சுழியை வெட்டியது. எட்டுப் படத்தையும் சேமித்து, வேறொரு போனில் திறந்து பார்த்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

பதிவு போட்ட அன்று ராத்திரியே மூன்று பேர் "ப்ளவுஸ் இருக்கா?" என்று கேட்டிருந்தார்கள். ஏழாவது படம் வரை யாரும் போகவில்லை, போனவர்களும் "ஆறு மீட்டர் முப்பது" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் கீழே எழுதும் விவரத்தின் முதல் வரியாக "புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி எண்பது சென்டிமீட்டர்" என்று மாற்றினோம். மேலும் வாசிக்க என்று மடங்குவதற்கு முன்னால் தெரிவது அந்த ஒரு வரிதான். சரிகை பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.