அந்திக் கடலுக்குக் கீழே எழுதும் வரி

சென்னை மெரினாவில் எடுத்த மாலைப் படம். அதன் கீழே ‘கடலில் கரையும் சூரியன்’ என்று ஒரு வரி. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெரினாவில் சூரியன் கடலில் கரைவதில்லை. அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. பொழுது ஊருக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவில் இறங்குகிறது. மகாபலிபுரம், புதுச்சேரி, நாகப்பட்டினம் கடற்கரைகளிலும் இதே கதைதான். படம் எடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. அன்று மாலை முழுக்க சூரியனுக்கு முதுகு காட்டித்தான் அவரும் உட்கார்ந்திருப்பார். எங்கிருந்தோ வந்த வரியை ஒட்டும்போது கண்ணால் கண்டது மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

அந்திப் படங்களுக்குக் கீழே திரும்பத் திரும்ப வரும் வரிகள் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. மறைந்த சூரியன் நாளை மீண்டும் வரும் என்று ஆறுதல் சொல்பவை முதல் வகை. அலையை வாழ்க்கையோடு ஒப்பிடுபவை இரண்டாம் வகை. மூன்றாவது, புத்தர் சொன்னதாகவோ கலாம் சொன்னதாகவோ சுற்றிக்கொண்டிருக்கும் பொன்மொழிகள். அவர்கள் எங்கே, எப்போது சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இவற்றில் பொய்யானவை குறைவு. கடற்கரைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்தபடி எழுதிவிடக்கூடியவை என்பதுதான் குறை. அதனால்தான் வாசிப்பவரும் படிக்காமலே விருப்பக் குறியைத் தட்டிவிட்டு நகர்கிறார்.

மேற்கோள் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகப் பெரும்பாலும் வண்ணங்களில் போய் விழுகிறார்கள். உருகிய தங்கம், குங்குமம் பூசிய வானம், மௌனம் பேசும் கடல் என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வானம் சிவந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. படத்தில் தெரிவதையே வரியும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். ‘அமைதி’ என்ற சொல்லை எழுதிவிட்டால் அமைதி வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இப்படிப்பட்டதே.

தமிழுக்கு இது புதிய சிக்கல் இல்லை. கடலும் பொழுது சாயும் வேளையும் சேர்ந்தால் மனம் என்ன ஆகும் என்பதைச் சங்க இலக்கியம் ஒரு திணையாகவே வகுத்து வைத்திருக்கிறது. நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு. உரிய உணர்வு இரங்கல். இடமும் காலமும் முதற்பொருள். அங்கே இருக்கும் மரம், பறவை, தொழில், உணவு எல்லாம் கருப்பொருள். மனத்தின் நிலை உரிப்பொருள். ஐங்குறுநூற்றில் நெய்தல் பற்றிய நூறு பாடல்களைப் பாடிய அம்மூவனாரோ மற்ற நெய்தல் புலவர்களோ ஏக்கத்தை விளக்கிக்கொண்டிருப்பதில்லை. புன்னை, தாழை, நண்டு, வலை, உப்பு வண்டி எனக் கரையில் உள்ளவற்றைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். படிப்பவருக்குத் துக்கம் தானாக வந்து சேர்கிறது.

ஒரு படத்துக்கான வரிக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும். இடத்தையும் நேரத்தையும் சொல்லலாம். கரையில் கண்ட ஒரு பொருளையோ செயலையோ சேர்க்கலாம். உணர்வை எழுதாமல் விட்டுவிடலாம்.

குமரி மாவட்டத்தின் முட்டம் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘கடலோரக் கவிதைகள்’ இரண்டையும் பாரதிராஜா படமாக்கிய ஊர் என்பதால், அங்கே போனவுடன் பலருக்குத் திரைப்பாட்டு வரிதான் முதலில் நாவில் வரும். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கவேண்டும். ஜனவரி நடுவில் ஒரு மாலை. படத்தின் இடப்பக்கம் கரும்பாறைகள். சூரியன் பாதி முழுகியிருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வள்ளம், அதில் இரண்டு பேர்.

முதலில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘பொன்னாய் உருகும் வானமும் அமைதி தரும் கடலும்!’ இது முட்டத்துக்குப் பொருந்தும், கோவாவுக்கும் பொருந்தும், பாலித் தீவுக்கும் பொருந்தும். எங்கும் பொருந்துவதாலேயே இங்கே வேண்டாம்.

அடுத்த முயற்சி: ‘முட்டம், ஜனவரி, மாலை 6.20. சூரியன் முழுகும் நேரம் ஒரு வள்ளம் கடலுக்குள் போனது.’ இது பரவாயில்லை. ஊர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, வள்ளம் இருக்கிறது. ஆனால் நடந்ததைப் பதிவு செய்ததோடு நின்றுவிடுகிறது. பார்த்தவர் இதில் இல்லை. இப்போது பார்த்தவரையும் வள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

‘நாங்கள் கிளம்பிய நேரத்தில் அவர்கள் வேலைக்குப் போனார்கள். முட்டம், மாலை 6.20.’

தத்துவம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவருக்கு முடியும் நாள் இன்னொருவருக்குத் தொடங்குகிறது என்று விளக்கவும் இல்லை. விளக்கியிருந்தால் அதுவும் பொன்மொழி ஆகியிருக்கும். படிப்பவர் படத்துக்குத் திரும்பிப் போய் அந்த வள்ளத்தைத் தேடுவார். ஒரு வரி தன் வேலையைச் செய்திருக்கிறதா என்பதற்கு அதுவே அடையாளம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வள்ளம் உண்மையிலேயே கடலுக்குள் போயிருக்கவேண்டும். இரவு வலைக்குப் போகிறவர்கள் பொழுது சாயும்போது புறப்படுவது வழக்கம்தான். அதே நேரத்தில் கரைக்குத் திரும்பும் படகுகளும் இருக்கும். அணியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தால் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் கரையில் வலை செப்பனிடும் ஒருவரிடம் ‘அண்ணே, இவங்க எங்க போறாங்க?’ என்று கேட்டால், வரிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கிடைக்கும். மீனவர் முகம் தெளிவாகத் தெரியும் படமென்றால் போடலாமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பொழுது இறங்குவதைப் பற்றிய உண்மைகளே நல்ல வரிகளுக்கு மூலப்பொருள். சூரியனின் அடிவிளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுவதும் மறைய நம் பகுதியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் இந்த வேகம். வட நாடுகளில் அது சரிந்து இறங்குகிறது, நேரமும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. கொழும்பில் மேற்குப் பார்த்த காலிமுகத்திடலில் நின்று, ‘இறால் வடை ஆறுவதற்குள் சூரியன் போய்விட்டது’ என்று ஒருவர் எழுதினால், அதில் சிரிப்பும் இருக்கிறது, அந்த இரண்டு நிமிடமும் இருக்கிறது.

இன்னொன்று: சூரியன் மறைந்ததும் கூட்டம் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறது. ஆனால் உயரத்தில் மெல்லிய மேகம் இருக்கும் நாட்களில் நல்ல சிவப்பு அதற்குப் பிறகுதான் வரும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனபிறகும் அதன் ஒளி அந்த மேகங்களைக் கீழிருந்து தொடுகிறது. காற்றில் நெடுந்தூரம் கடந்து வருவதால் அந்த ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிப்போய் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தவர் இப்படி எழுதலாம்: ‘எல்லோரும் எழுந்து போனபிறகு வானம் சிவந்தது.’ இது உவமை இல்லை, நடந்ததே.

கிழக்குக் கரைக்காரர்கள் இதனால் ஏமாந்துபோகவேண்டியதில்லை. பொழுது மறைந்த சில நிமிடங்களில் வங்கக் கடலின் விளிம்பிலிருந்து சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை மேலே எழும்; அதற்கு மேல் இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல். வானம் தெளிவாக இருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும், மேற்குக் கரையில் சூரியனைப் பார்த்து நிற்கிறவர் அதைத் தவறவிடுகிறார். பௌர்ணமி என்றால் இன்னும் நல்லது: சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா கடலிலிருந்து எழும். ‘முதுகுப் பக்கம் ஒன்று இறங்கியது, முன்னால் ஒன்று ஏறியது. பட்டினப்பாக்கம், பௌர்ணமி.’ மெரினாவின் ‘கரையும் சூரிய’னைவிட இது உண்மை, தவிர, கிழக்குக் கரையில் மட்டும் எழுத முடிவது.

கன்னியாகுமரிக்கும் ஒரு எச்சரிக்கை. அங்கே எல்லா நாளும் கடலில்தான் சூரியன் மறையும் என்று பலர் நினைக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் சூரியன் வடமேற்கே ஒதுங்கிவிடுவதால் நிலத்துக்குப் பின்னால் மறைகிறது. டிசம்பர், ஜனவரியில்தான் தாராளமாகக் கடல் கிடைக்கும்.

இனி, தொனி. அமைதியைக் கெடுப்பவை பெரும்பாலும் சிறிய விஷயங்கள். ஆச்சரியக்குறி ஒன்று. வரியின் முடிவில் மூன்று புள்ளி வைத்து ‘இன்னும் என்னவோ இருக்கிறது’ என்று பாவனை செய்வது இன்னொன்று. மூன்றாவது ஏவல் வினை: ‘ரசி’, ‘வாழ்’, ‘விட்டுவிடு’. படம் போட்டவர் திடீரென்று வாத்தியார் ஆகிவிடுகிறார். இறந்தகால வினையில் முடியும் இரண்டு சிறிய வாக்கியங்கள் போதும். இன்ஸ்டாகிராம் 2,200 எழுத்துக்குறிகள் வரை இடம் தருகிறது என்றாலும், திரையில் முதல் ஓரிரு வரிதான் தெரியும். மீதியைப் பார்க்கத் தட்டவேண்டும், பெரும்பாலோர் தட்டுவதில்லை.

சொந்த நினைவு ஏதாவது இருந்தால், அடக்கமாகச் சொல்வதற்கு அந்திக் கடலைப்போல இடம் கிடைக்காது. இறந்தவரின் நினைவாகப் பலர் இந்தப் படங்களைப் போடுகிறார்கள். அங்கேதான் மேற்கோள் மிகவும் கூசுகிறது. ‘அப்பா வழக்கமாக உட்காரும் பாறை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம்.’ இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் கனம் குறையும்.

ஒரு வரியும் தோன்றாத மாலைகளும் உண்டு. அப்போது மேற்கோளைத் தேடி இணையத்தில் இறங்கவேண்டாம். படத்தின் விவரங்களைத் திறந்தால் எடுத்த நாளும் மணியும் இருக்கும். ஊர்ப் பெயரோடு அதை மட்டும் போட்டுவிடுங்கள்.