புது வியாபாரிக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம்?

பனிச்சங்கேணிக் களப்பில் இரவு பிடிபட்ட இறாலுக்கு மீனவர் கையில் காலையிலேயே காசு கொடுக்க வேண்டும். அதை வாங்கி ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிறவரிடம் முன்பின் தெரியாத ஒரு வியாபாரி, "முப்பது நாள் கடனுக்குத் தாங்கோ" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

ஒரு தடவைக்கு 40 கிலோ, கிலோ 2,000 ரூபாய் என்றால் 80,000 ரூபாய். செலவெல்லாம் போக அனுப்புகிறவருக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் நிற்கிறது என்று கொண்டால், ஒரு தடவையின் லாபம் 4,000. ஒரே ஒரு தடவைப் பணம் வராமல் போனால், அதை ஈடுகட்ட இன்னும் 20 தடவை அனுப்ப வேண்டும். வாரம் மூன்று தடவை போனால், முப்பது நாளில் வெளியே நிற்கும் தொகை பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். இறால் அதற்குள் சமைத்து உண்ணப்பட்டிருக்கும். திருப்பி எடுக்கப் பொருளே இராது.

வாங்குகிறவரைப் பற்றி விசாரிக்க வழி உண்டா? 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த கடன் தகவல் பணியகத்தில் வங்கிக் கடன்களின் விவரம் இருக்கும். சந்தையில் ஒருவர் இன்னொருவருக்கு வைத்திருக்கும் பாக்கி அங்கே பதிவாவதில்லை. அவருக்கு ஏற்கெனவே மீன் அனுப்பும் இரண்டு பேரைக் கேட்பதுதான் பயன் தரும். பின்திகதியிட்ட காசோலையும் பணமல்ல. அந்தத் திகதி வந்து, கணக்கில் காசும் இருந்தால்தான் அது மாறும்.

எனவே முப்பது நாள் கடனை மறுக்க வேண்டியதுதான். ஆனால் மறுப்போடு ஒரு தொகையும் சொல்ல வேண்டும்: "முதலாளி, புதுசா வாற எல்லாருக்கும் எங்கட முறை இதுதான். பாதிக் காசு முதல்ல போடுங்கோ, மிச்சம் 40,000 சாமான் வந்து ரெண்டு நாளில தாங்கோ. ஆறு தரம் ஒழுங்காப் போனா எல்லையைக் கூட்டுவம்." ஆள்மீது சந்தேகம் என்ற பேச்சே இதில் இல்லை, அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெளிவாகிவிடுகிறது. முழு முற்பணத்தையும் கேட்கலாம். ஆனால் இறால் கெட்டுப்போய் வந்தால் நட்டம் தன் தலையில் என்று அவரும் அஞ்சுவார். அதனால் பாதிக்குப் பாதியே நியாயமாகப் படுகிறது.

அந்த 40,000 வாங்குகிறவரின் வசதியைப் பார்த்து வைத்த தொகையல்ல. அது முழுவதும் போனாலும் மறுநாள் காலையில் மீனவருக்குக் காசு கொடுக்க முடியுமா என்று பார்த்து வைத்தது. வண்டியில் போய்க்கொண்டிருக்கும் பெட்டியும் அந்த எல்லைக்குள் அடக்கம்.

சிக்கல் பெரும்பாலும் எல்லையைக் கூட்டும் நேரத்தில்தான் வருகிறது. முதல் நாலைந்து தடவை சொன்ன நாளுக்கு முன்பே காசு வரும். பிறகு பண்டிகைக்கென்று, "இந்த ஒரு தரம் மட்டும் மூன்று மடங்கு அனுப்புங்கோ" என்பார். அப்போதும் கடனாக நிற்கக்கூடியது 40,000 மட்டுமே. மிச்சம் முழுவதும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பிறகே பெட்டி ஏற வேண்டும். பணம் போட்ட துண்டின் படம் போனில் வந்தது போதாது.