முகவரியைச் சொடுக்கினால் ஜிமெயில் திறக்க வேண்டும்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஜிமெயிலில் கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் குரோம் உலாவி வழியாகத் தினமும் அஞ்சல் பார்க்கிறார். ஓர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் நீல நிறத்தில் அடிக்கோடிட்ட மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. சொடுக்குகிறார். ஜிமெயில் வரவில்லை. அவர் ஒருநாளும் பயன்படுத்தாத அவுட்லுக் திறந்து, கணக்கைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறது. அதை மூடிவிட்டு, முகவரியைத் தாளில் குறித்துக்கொண்டு ஜிமெயிலில் தட்டச்சு செய்கிறார். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் கடிதம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

கணினியில் எதுவும் பழுதாகவில்லை. அந்த நீல முகவரிக்குப் பின்னால் `mailto:` என்று தொடங்கும் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. 'இந்த முகவரிக்கு ஒரு புதுக் கடிதத்தைத் தொடங்கு' என்பது அதன் பொருள். எந்தச் செயலியில் தொடங்க வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அந்த முடிவு நம் கணினிக்கு உரியது. 1994இல் இணைய முகவரிகளுக்கான விதிகளை வகுத்தபோதே இந்தக் குறிப்பும் அதில் இடம்பெற்றுவிட்டது. அன்று மின்னஞ்சல் என்றால் கணினியில் நிறுவிய ஒரு மென்பொருள். ஜிமெயில் வந்தது 2004இல். அது ஒரு வலைத்தளம். நிறுவிய மென்பொருள்களின் பட்டியலில் ஒரு வலைத்தளத்தின் பெயர் தானாக வந்து உட்காராது. அதனால்தான் விண்டோஸ் தன்னிடம் உள்ள அவுட்லுக்கைத் திறக்கிறது.

ஆக, ஜிமெயிலை இந்த வேலைக்கு அமர்த்த இரண்டு இடங்களில் சொல்லிவைக்க வேண்டும். ஒன்று குரோம், மற்றொன்று விண்டோஸ். இணையப் பக்கத்தில் உள்ள முகவரியைச் சொடுக்கினால் முதலில் குரோம்தான் அதைப் பார்க்கிறது. ஜிமெயிலிடம் கொடுக்கும்படி அதற்குச் சொல்லியிருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் விண்டோஸிடம் தள்ளிவிடும். வேர்ட் கோப்பிலோ, தனிச் செயலியில் திறந்த பிடிஎஃப் சுற்றறிக்கையிலோ உள்ள முகவரி நேராக விண்டோஸிடமே போகும். பலர் குரோமில் மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மறுநாள் பிடிஎஃபில் சொடுக்கும்போது மறுபடியும் அவுட்லுக் வந்து நிற்கிறது.

முதலில் குரோம். அதில் ஜிமெயிலைத் திறந்து, முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு சிறு சாய்சதுரங்கள் போல ஒரு குறி தெரியலாம். அதைச் சொடுக்கினால், மின்னஞ்சல் இணைப்புகளை ஜிமெயில் திறக்க அனுமதிக்கலாமா என்று குரோம் கேட்கும். Allow என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தக் குறி தெரியவில்லை என்றால், என்றோ ஒருநாள் அதே கேள்விக்கு வேண்டாம் என்று அழுத்தியிருக்கக்கூடும். குரோம் அந்த மறுப்பை நினைவில் வைத்துக்கொண்டு பிறகு கேட்பதே இல்லை. அப்போது முகவரிப் பட்டையில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
chrome://settings/handlers
```

வரும் பக்கத்தில், இப்படிக் கேட்பதற்கு வலைத்தளங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மறுக்கப்பட்ட தளங்களின் பட்டியலில் mail.google.com இருந்தால் நீக்கிவிடுங்கள். பிறகு ஜிமெயில் பக்கத்தை மறுபடி ஏற்றினால் குறி வந்துவிடும்.

அடுத்தது விண்டோஸ். Settings திறந்து, Apps, அதற்குள் Default apps என்று போங்கள். மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் mailto என்று தட்டச்சு செய்தால், இப்போது அந்த வேலையைச் செய்யும் செயலியின் பெயர் கீழே தெரியும். அதைச் சொடுக்கி, வரும் பட்டியலில் Google Chrome என்பதைத் தேர்ந்தெடுத்து Set default அழுத்துங்கள். ஜிமெயிலை அமர்த்த வந்த இடத்தில் ஏன் குரோமைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தோன்றும். விண்டோஸுக்கு ஜிமெயிலைத் தெரியாது, குரோமைத் தெரியும். விண்டோஸ் குரோமிடம் கொடுக்கும், குரோம் ஜிமெயிலிடம் கொடுக்கும்.

வரிசை மாறக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். குரோமில் அனுமதி தராமல் விண்டோஸில் மட்டும் மாற்றினால், பிடிஎஃபில் சொடுக்கும்போது குரோம் திறக்கும். ஆனால் அதை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாமல் கடிதப் பெட்டி வராமலே நின்றுவிடும்.

சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தினால் Run என்ற சிறு பெட்டி வரும். அதில் இதை இட்டு என்டர் தட்டுங்கள்:

```
mailto:test@example.com?subject=Pension
```

example.com என்பது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்த பெயர். நாமாக அனுப்பும் பொத்தானை அழுத்தாதவரை எந்தக் கடிதமும் போகாது. ஜிமெயிலில் புதுக் கடிதம் திறந்து, பெறுநர் இடத்தில் முகவரியும் பொருள் இடத்தில் Pension என்ற சொல்லும் நிரம்பியிருந்தால் இரண்டு இடங்களும் சரி. அவுட்லுக் வந்தால் விண்டோஸில் மாற்றம் பதியவில்லை. குரோம் திறந்தும் கடிதம் வரவில்லை என்றால் குரோமில் அனுமதி இல்லை. எங்கே தடை என்று தெரிந்துவிட்டால் அந்த ஓர் இடத்தை மட்டும் திருத்தினால் போதும். கண்டதையும் மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரே உலாவியில் இரண்டு மூன்று ஜிமெயில் கணக்குகளைத் திறந்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்படித் திறக்கும் கடிதம், எந்தக் கணக்கில் முதலில் உள்நுழைந்தோமோ அதிலிருந்துதான் போகும். மகளின் கணக்கு முதலில் இருந்தால் அப்பாவின் விண்ணப்பம் மகளின் பெயரில் போய்விடும். அலுவலகத்தார் பதிலையும் அந்த முகவரிக்கே அனுப்புவார்கள். அப்பா வாரக்கணக்கில் காத்திருப்பார். எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, அதிகம் எழுதும் கணக்கில் முதலில் உள்நுழைவதே இதற்கு வழி. எப்படியானாலும் அனுப்பும் முன் அனுப்புநர் முகவரியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஐபோனில் இவ்வளவு வேலை இல்லை. 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஆப்பிளின் சொந்த அஞ்சல் செயலிக்குப் பதிலாக வேறொன்றை அமர்த்திக்கொள்ளலாம். ஜிமெயில் செயலியை நிறுவிய பிறகு, Settings பகுதியில் இயல்பு அஞ்சல் செயலியாக அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அங்கே ஜிமெயில் ஒரு செயலியாகவே இருப்பதால் இடையில் உலாவி வர வேண்டிய தேவை இல்லை.

கணினியில் இத்தனையும் செய்த பிறகும் ஒரு வேலை மட்டும் நடக்காது. ஒரு கோப்பின்மேல் வலது சொடுக்கு செய்து, Send to என்பதில் Mail recipient என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தக் கோப்பை இணைத்த கடிதம் ஜிமெயிலில் திறக்காது. `mailto:` குறிப்பில் முகவரியும் பொருளும் கடிதத்தின் வாசகமும் போகும், கோப்பு போகாது. கோப்பை இணைத்து அனுப்ப விண்டோஸ் பயன்படுத்துவது வேறொரு பழைய வழி. அதற்குக் கணினியிலேயே நிறுவிய அஞ்சல் மென்பொருள் வேண்டும். அது இல்லாவிட்டால், இந்த வேலைக்கு எந்த மின்னஞ்சல் நிரலும் இணைக்கப்படவில்லை என்ற செய்திதான் ஆங்கிலத்தில் வரும். எப்போதாவது ஒரு கோப்பு அனுப்புகிறவர்கள் ஜிமெயிலில் கடிதத்தைத் தொடங்கி, கோப்பை இழுத்து அதற்குள் விட்டுவிடலாம். தினமும் பத்துக் கோப்புகள் அனுப்ப வேண்டியவர்கள் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்து, விண்டோஸின் Default apps பட்டியலில் குரோமுக்குப் பதிலாக அதையே தேர்ந்தெடுத்துக்கொள்வது மேல்.