மூன்றாவது கிலோவாட் தேவையா?

சோலார் கொட்டேஷனில் முதலில் கண்ணில் படுவது கடைசி வரிதான்: ‘மானியம் போக ரூ.1,32,000 மட்டும்.’ மூன்று கிலோவாட்டுக்கு விலை ரூ.2,10,000, மத்திய அரசின் சூர்யா கர் திட்ட மானியம் ரூ.78,000 என்று வைத்துக்கொள்வோம். கழித்தல் சரிதான். ஆனால் முழு விலையையும் முதலில் கட்டுவது நீங்கள்தான். மானியம் பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

அதற்கு pmsuryaghar.gov.in தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். இணைப்பு இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருந்தால், முதல் வேலை பெயர் மாற்றம். பதிவுபெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும். பேனலும் அதன் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும், கொட்டேஷனில் ‘டி.சி.ஆர்.’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் ‘மேக் இன் இந்தியா’ போதாது. பொருத்தியபின் மின்வாரியம் நெட் மீட்டர் வைத்து, ஆய்வு முடித்து, சான்று தந்த பிறகே பணம் வரும்.

அடுத்தது, ‘நான்கே வருடத்தில் போட்ட காசு வந்துவிடும்’ என்ற பேச்சு. ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்றுக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று பெருக்கினால் வருடத்துக்கு ரூ.34,560 மிச்சம். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அப்படி ஒரே விலையில் ஓடுவதில்லை. முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப் போகத்தான் விலை ஏறும்.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவழிக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலைக் கட்டணப்படி பில் ரூ.3,905. மூன்று கிலோவாட் போட்டு அது முழுதும் மறைந்தாலும் வருட மிச்சம் ரூ.23,430தான். போட்ட காசு திரும்ப ஐந்தரை வருடத்துக்கு மேல் ஆகும்.

அதே வீட்டில் இரண்டு கிலோவாட் போட்டால்? விலை ரூ.1,50,000, மானியம் ரூ.60,000, கைக்காசு ரூ.90,000. உற்பத்தி 480 யூனிட் போக மின்வாரியத்திடம் வாங்குவது 220 யூனிட். அதற்கு பில் வெறும் ரூ.331. விலை அதிகமான யூனிட்டுகள்தான் முதலில் கழிகின்றன. வருட மிச்சம் ரூ.21,444, நாலேகால் வருடத்தில் காசு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ரூ.42,000 மிச்சப்படுத்துவது அந்த ரூ.331-ஐத்தான். அது திரும்ப இருபத்தோரு வருடம்!

அடுத்த வருடம் இன்னொரு ஏ.சி. வாங்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. மின்வாரியம் நெட்வொர்க் கட்டணம் போடுகிறதா என்பதையும் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் போனால் பகலிலும் நின்றுவிடும்.

கையெழுத்துப் போடுமுன் கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்களையும் எடுத்து வையுங்கள். இரண்டு கிலோவாட்டுக்கும் தனியாக ஒரு கொட்டேஷன் கேளுங்கள்.