மேலுதட்டுப் பூனைமுடிக்கு ப்ளீச்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். மேலுதட்டில் ப்ளீச் போட நினைக்கும் பெண் சனிக்கிழமை ராத்திரி டப்பாவைத் திறந்தால், அது தப்பான நாள். திங்கட்கிழமையே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வாமை அரிப்பு பெரும்பாலும் உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த இடம் அமைதியாக இருந்தால் வியாழக்கிழமை முகத்தில் போடலாம். லேசாகச் சிவந்தாலும் கல்யாணத்துக்குள் அடங்கிவிடும்.

டப்பாவில் இருக்கும் கிரீமில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டு. கூடவே வரும் தூளோ திரவமோ அதை முடுக்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததும் முடியின் மேலுறை உப்பி, பெராக்சைடு உள்ளே போய், கறுப்பைத் தரும் மெலனினைச் சிதைக்கிறது. கலந்த கிரீமின் வீரியம் சீக்கிரம் குறையும் என்பதால் அப்போதைக்கு வேண்டியதை மட்டும், உலோகம் படாத கிண்ணத்தில், அட்டையில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். வேகமாக வெளுக்கட்டும் என்று தூளை அள்ளிப் போடுவதுதான் பலரும் சுட்டுக்கொள்ளும் வழி.

பெரும்பாலான கிரீம்களுக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். அது உச்சவரம்பு, அவ்வளவு நேரம் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 5 நிமிடத்தில் ஈரப்பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்த்து, முடி பொன்னிறமாகியிருந்தால் அப்போதே கழுவிவிடலாம். லேசான குறுகுறுப்பு இயல்பு. எரிச்சல் ஏறிக்கொண்டே போனால் கடிகாரத்தைப் பார்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முடுக்கித் தூளில் உள்ள பெர்சல்பேட் சிலருக்கு அப்படிச் செய்யும். மாநிறத் தோலில் இன்னொரு தொல்லை உண்டு. புண்பட்ட இடம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கறுத்தே நிற்கும். மீசை நிழலை மறைக்கப் போனவருக்கு அதைவிட அடர்ந்த திட்டு மிஞ்சும்.

த்ரெட்டிங்கோ வாக்ஸிங்கோ முடியை வேரோடு எடுப்பதால் சில வாரம் நிம்மதி. ஆனால் வலியும், சிலருக்குச் சின்னச் சின்னக் கொப்புளமும் உண்டு. அப்படிக் கொப்புளம் வருபவர்களுக்கும், கன்னம் முழுக்க மெல்லிய முடி உள்ளவர்களுக்கும் ப்ளீச் நல்ல மாற்று. த்ரெட்டிங் செய்த அன்றைக்கே அதன்மேல் ப்ளீச் போடுவது மட்டும் கூடாது. ரெட்டினாய்டு கிரீம் பூசுபவர்களுக்கு ப்ளீச் அதிகமாக எரியும். வாக்ஸிங் செய்தாலோ தோலே உரிந்து வரலாம்.

நல்ல கறுத்த தோலில் பொன்னிற முடி வெயிலில் பளிச்சென்று தெரியும். அவர்களுக்கு எடுத்துவிடுவதே மேல். தாடையில் தடித்த முடிக்கும் ப்ளீச் சரிவராது, செம்பட்டையாகி நின்றுவிடும். அந்தத் தடித்த முடி புதிதாக முளைத்து, மாதவிடாயும் தள்ளித் தள்ளிப் போனால் பிசிஓஎஸ் இருக்கக்கூடும். அதற்கு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.